ரோபோ கைக்குச் செய்துகாட்டிக் கற்பித்தலும் அது தடம் விலகுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. பிஹேவியர் குளோனிங் என்கிறார்களே, நாம் செய்வதைப் பார்த்து ரோபோ தானாகவே புரிந்துகொள்கிறதா?

இல்லை. நாம் செய்துகாட்டும்போது ஒவ்வொரு கணத்திலும் கேமராப் படங்களும் கையின் மூட்டுக்கோணங்களும் பதிவாகின்றன. அதே கணத்தில் நாம் கைக்கு இட்ட கட்டளையும் பதிவாகிறது. இந்தக் காட்சிக்கு இந்தக் கட்டளை என்ற இணைகளைத் திரட்டி, காட்சியைக் கொடுத்தால் கட்டளையைக் கணிக்கும்படி ஒரு நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவிப்பதே பிஹேவியர் குளோனிங். பயிற்சி பெற்ற அந்த வலையமைப்பைப் பாலிசி என்று சொல்கிறோம். வேலையின் நோக்கம் என்ன, எது வெற்றி, எது தோல்வி என்பவற்றில் எதுவும் அதற்குச் சொல்லப்படுவதில்லை.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். எஸ்ஓ-101 என்ற சிறிய கை. அதில் ஐந்து மூட்டுகளும், பொருளைக் கவ்வும் விரல்களான ஒரு கிரிப்பரும் உண்டு. அதே அளவுள்ள இன்னொரு கையை, அதாவது லீடரை, நாம் பிடித்து அசைக்க, வேலை செய்யும் கை, அதாவது ஃபாலோயர், அதைப் பின்பற்றுகிறது. மேசைமேல் 3 செ.மீ. அளவுள்ள ஒரு மரக்கட்டை இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்திலுள்ள கிண்ணத்தில் போட வேண்டும். மேலிருந்து பார்க்கும் கேமரா ஒன்று, மணிக்கட்டில் பொருத்திய கேமரா ஒன்று. விநாடிக்கு 30 ஃபிரேம் பதிவாகிறது. ஒரு முறை செய்துகாட்ட ஏறத்தாழ 15 விநாடி ஆகிறது.

2. வெறும் 50 தடவை செய்துகாட்டினால் போதுமா? நரம்பியல் வலையமைப்புக்கு லட்சக்கணக்கில் தரவு வேண்டாமா?

குறுகிய வேலைக்குப் போதும் என்பது காட்டப்பட்டிருக்கிறது. 2023-இல் டோனி சாவோ, செர்ஜி லெவின், செல்சீ ஃபின் முதலியோர் வெளியிட்ட அலோஹா என்ற இரட்டைக்கை அமைப்பில், பெரும்பாலான வேலைகளுக்கு 50 செய்துகாட்டல்களே பயன்பட்டன. ரிமோட்டுக்குள் பேட்டரியைச் செருகும் வேலையில் 96 சதவீதம் வெற்றி கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய ஏசிடி என்ற பாலிசிதான் இன்று எஸ்ஓ-101 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தொடும் பாலிசியாகவும் இருக்கிறது.

ஆனால் 50 என்ற எண் எதை எண்ணுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் ஒரு செய்துகாட்டலில் 450 ஃபிரேம். ஐம்பதில் 22,500 ஃபிரேம். தரவு நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒரே செய்துகாட்டலின் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒன்றே. கட்டை மேசையில் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு நம்மிடம் இருப்பவை அதிகம் போனால் 50 விடைகள் மட்டுமே. அதனால்தான் எஸ்ஓ-101-க்கான லெரோபாட் மென்பொருளின் வழிகாட்டி, குறைந்தது 50 செய்துகாட்டல்கள், ஓர் இடத்துக்குப் பத்து என்று தொடங்கச் சொல்கிறது. அப்படிப் பதிவு செய்தால் பாலிசி பார்த்திருப்பது ஐந்தே இடங்களைச் சுற்றியுள்ள சிறு பகுதிகளை. அந்த ஐந்து இடங்களில் வேலை செய்வதும் அவற்றுக்கு நடுவில் தடுமாறுவதும் முரண்பாடு அல்ல.

3. கட்டளையாக எதைப் பதிவு செய்வது: லீடரின் கோணத்தையா, ஃபாலோயரின் கோணத்தையா?

லீடரின் கோணத்தை. கிரிப்பர் கட்டையைக் கவ்வியிருக்கும்போது, ஃபாலோயரின் விரல்கள் 3 செ.மீ. இடைவெளிக்குக் குறைவாக மூட முடியாமல் நிற்கின்றன. லீடரின் விரல்களோ அதையும் தாண்டி மூடியிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அழுத்தமாக மாறுகிறது. ஃபாலோயர் எங்கே இருந்தது என்பதைக் கட்டளையாகக் கற்பித்தால், பாலிசி விரல்களைக் கட்டையைத் தொடும் அளவுக்கு மட்டும் மூடும். பிடி இறுகாது, தூக்கும்போது கட்டை நழுவும். லெரோபாட் இதை இயல்பாகவே சரியாகச் செய்கிறது. சொந்தமாகப் பதிவு நிரல் எழுதுபவர்கள்தான் இங்கே இடறுகிறார்கள்.

4. பயிற்சியில் லாஸ் மிகக் குறைவாக வந்தது. ஆனாலும் கை கட்டைக்குப் பக்கத்தில் போய் வெறும் காற்றைப் பிடிக்கிறது. ஏன்?

லாஸ் என்பது, மனிதர் கொண்டுபோன நிலைகளில் பாலிசியின் கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு. இயங்கும்போதோ, கையை அடுத்த நிலைக்குக் கொண்டுபோவது மனிதர் அல்ல, பாலிசியேதான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் இங்குள்ள பெரும்பாலான ஐயங்கள் பிறக்கின்றன.

நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கை கட்டையை நோக்கி நீள்கிறது. அடித்தள மூட்டுக்கான கணிப்பில் 1 டிகிரி பிழை. கோணமாகப் பார்த்தால் அற்பம்; ஆனால் கை 25 செ.மீ. நீண்டிருக்கும்போது நுனியில் அது ஏறத்தாழ 4 மி.மீ. ஆகிறது. இப்போது மணிக்கட்டுக் கேமராவில் கட்டை நடுவில் இல்லாமல் சற்று இடப்பக்கமாகத் தெரிகிறது. நமது 50 செய்துகாட்டல்களிலும், அந்த உயரத்தில் கட்டை எப்போதும் நடுவிலேயே தெரிந்தது, ஏனெனில் மனிதர் பிழையில்லாமல் வந்தார். ஆகவே இந்தக் காட்சிக்கான விடை பயிற்சித் தரவில் இல்லை. பாலிசி ஏதோ ஒரு விடையைச் சொல்லியே ஆக வேண்டும். தனக்குத் தெரிந்தவற்றில் நெருங்கிய காட்சிக்கு உரிய விடையை, அதாவது நேராகக் கீழே இறங்கு என்பதை ஒத்த ஒன்றைச் சொல்கிறது. இறங்க இறங்க விலகல் பெரிதாகத் தெரிகிறது. காட்சி மேலும் அந்நியமாகிறது. அடுத்த கணிப்பு மேலும் மோசமாகிறது. இறுதியில் கிரிப்பர் கட்டையின் ஓரத்தில் இறங்கி, மூடும் நேரம் வந்ததும் மூடி, ஒன்றுமில்லாமல் எழுந்து, கிண்ணத்தின் மேல் போய்த் திறக்கிறது. கையில் கட்டை இல்லை என்பது அதன் கேமராவில் தெளிவாகத் தெரிந்தாலும், கட்டை இல்லாமல் எழுந்தால் திரும்பிப் போக வேண்டும் என்று காட்டிய செய்துகாட்டல் ஒன்றுகூட இல்லை.

பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த சரிபார்ப்புத் தரவில் வரும் லாஸும் இதே காரணத்தால் ஏமாற்றும்; அதுவும் மனிதர் சென்ற நிலைகளிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 2021-இல் அஜய் மண்ட்லேகர் முதலியோர் ரோபோமிமிக் ஆய்வில் இதை நேரடியாகச் சோதித்தார்கள்: சரிபார்ப்பு லாஸ் மிகக் குறைவாக இருந்த கட்டத்தில் சேமித்த பாலிசி, வேலையில் மிகச் சிறந்த பாலிசியாக இருக்கவில்லை. எனவே பல கட்டங்களில் சேமித்த பாலிசிகளைக் கையில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

5. ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிய படம் வருகிறதே. அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளக் கூடாதா?

திருத்தத் தேவையான தகவல் படத்தில் இருக்கிறது. எப்படித் திருத்துவது என்ற பாடம்தான் இல்லை. இது 1980களின் இறுதியிலேயே தெரிந்த சிக்கல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ உருவாக்கிய ஆல்வின் என்ற வலையமைப்பு, 30-க்கு 32 புள்ளிகள் மட்டுமே கொண்ட கேமராப் படத்தைப் பார்த்து ஒரு வேனின் ஸ்டியரிங்கைத் திருப்பியது. மனித ஓட்டுநர் நன்றாக ஓட்டியதால் வேன் எப்போதும் தடத்தின் நடுவிலேயே இருந்தது. ஆகவே ஓரத்துக்குப் போய்விட்டால் எப்படி மீள்வது என்பதற்கு எடுத்துக்காட்டே கிடைக்கவில்லை.

பொமர்லோ அதற்குக் கண்ட வழி கணிதமயமானது. ஒவ்வொரு படத்தையும், வேன் சற்று இடமாகவோ வலமாகவோ விலகியிருந்தால் சாலை எப்படித் தெரியுமோ அப்படி மாற்றி, நடுவுக்குத் திரும்பத் தேவையான ஸ்டியரிங் கோணத்தையும் கணக்கிட்டு, அந்தப் புதிய இணைகளையும் பயிற்சியில் சேர்த்தார். சாலை தட்டையானது, ஸ்டியரிங் ஒரே ஓர் எண் என்பதால் அது முடிந்தது. ஆறு மோட்டார்களும் இரண்டு கேமராக்களும் உள்ள நம் கைக்கு அப்படி எளிய கணக்கு கிடையாது. அந்தப் பாடத்தை மனிதரே காட்ட வேண்டியிருக்கிறது. கேள்வி 12-இல் அதற்கு வருவோம்.

6. பிழை நேரத்தின் இருமடியாக வளரும் என்று படித்தேன். அது உண்மையில் என்ன கணக்கு?

2010-இல் ஸ்டெஃபான் ராஸும் ட்ரூ பேக்னலும் நிறுவிய வரம்பு அது. ஒரு படியில் பிழை நேரும் வாய்ப்பு `ε`, மொத்தப் படிகள் `T` எனில், மிக மோசமான நிலையில் மொத்தக் கேடு `εT²` அளவில் வளரும். எளிதாக்கிச் சொன்னால், `T` படிகளில் எதிலும் சறுக்கலாம். சறுக்கினால் மீதமுள்ள படிகள் அனைத்தும் வீணாகலாம். இரண்டும் பெருகுவதால் இருமடி வருகிறது.

நம் கட்டைக்கு எண்களைப் போட்டுப் பார்ப்போம். 450 படிகள், ஒவ்வொன்றிலும் பழகிய தடத்தைவிட்டுச் சறுக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். சறுக்கியதும் உடனே மீளத் தெரிந்த பாலிசிக்கு, ஓர் ஓட்டத்தில் சராசரியாக 0.45 படி மட்டுமே வீணாகும். மீளவே தெரியாத பாலிசிக்குச் சராசரியாக ஏறத்தாழ 88 படிகள் வீணாகும். வேலையை இருமடங்கு நீட்டி 900 படிகளாக்கினால், முதலாவதற்கு 0.9 ஆகும், இரண்டாவதற்கு 300-ஐத் தாண்டிவிடும். இரண்டு பாலிசிகளின் `ε` ஒன்றே என்பதைக் கவனியுங்கள். அதிகச் செய்துகாட்டல்கள் `ε`-ஐக் குறைக்கும். ஆனால் மீளும் திறன் இல்லாதவரை வளர்ச்சியின் வடிவம் மாறாது.

இது மிக மோசமான நிலைக்கான வரம்பு என்பதையும் மறக்கக் கூடாது. கட்டையை நோக்கி வெட்டவெளியில் நகரும்போது 4 மி.மீ. விலகல் ஒன்றும் செய்யாது. கிரிப்பரின் விரல்கள் கட்டையின் இருபுறமும் இறங்கும் அந்த ஓரிரு விநாடிகளில்தான் இந்தக் கணக்கு கடுமையாகிறது.

7. இது பாலிசியின் விலகலா, கையின் இயந்திரக் கோளாறா என்று எப்படிப் பிரித்தறிவது?

முதலில் பாலிசியை ஒதுக்கிவிட்டு, பதிவான ஒரு செய்துகாட்டலின் கட்டளைகளை அப்படியே கையில் மறு ஓட்டம் விடுங்கள்; லெரோபாட்டில் இதற்கு `lerobot-replay` என்ற கட்டளை இருக்கிறது. கட்டை அன்று இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முதல் ஃபிரேமின் படத்தை, இப்போதைய கேமராப் படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்து இடத்தைச் சரிசெய்யலாம். மறு ஓட்டத்திலேயே கட்டை பிடிபடவில்லை என்றால் கோளாறு பாலிசியில் இல்லை. மூட்டை அசைக்கும் சர்வோ மோட்டாரின் தலையில் உள்ள திருகு தளர்ந்திருக்கலாம், மீண்டும் அளவீடு செய்தபோது சுழிநிலை மாறியிருக்கலாம், அடித்தளப் பிடிப்பு மேசையில் நகர்ந்திருக்கலாம். இந்நிலையில் எத்தனை முறை பயிற்சி கொடுத்தாலும் பயனில்லை.

மறு ஓட்டம் சரியாக நடந்து பாலிசி மட்டும் தவறினால், அடுத்த சோதனை இது: ஓட்டத்தின்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் கையின் மூட்டுக்கோணங்களைச் சேமித்து, பயிற்சித் தரவில் அதற்கு மிக நெருங்கிய கோணத்தொகுதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, நேரத்துக்கு எதிரே வரையுங்கள். விலகல் என்றால் அந்தக் கோடு சிறிதாகத் தொடங்கி, ஓரிடத்தில் திரும்பி, பிறகு இறங்காமல் ஏறும். அந்தத் திருப்பம் எந்த விநாடியில் வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய மிகப் பயனுள்ள தகவல். கை தவறாகத் தெரியும் விநாடியைவிட அது பெரும்பாலும் முன்னதாகவே இருக்கும். கோடு முதல் ஃபிரேமிலிருந்தே உயரமாக இருந்தால், கை தொடக்க நிலைக்கு வராமலேயே ஓட்டம் தொடங்கியிருக்கிறது. கோடு தாழ்வாகவே இருந்தும் வேலை தவறினால், கை பழகிய வழியிலேயே போகிறது, ஆனால் கட்டை வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். கேமரா நகர்ந்ததா, வெளிச்சம் மாறியதா, அந்த இடத்தில் செய்துகாட்டல் இருந்ததா என்று பாருங்கள்.

8. ஏசிடி ஒரே தடவையில் 100 படிகளைக் கணிக்கிறதே. அது விலகலை நீக்கிவிடுகிறதா?

குறைக்கிறது, நீக்குவதில்லை. 450 படிகளில் 450 முறை முடிவெடுப்பதற்குப் பதிலாக, நூறு நூறாக ஐந்து முறை முடிவெடுத்தால், கேள்வி 6-இல் உள்ள `T` முடிவுகளின் எண்ணிக்கை என்ற வகையில் சுருங்குகிறது. விளைவு பெரியது: அலோஹா ஆய்வின் கணினிப் பாவனைச் சோதனைகளில், ஒவ்வொரு படியாகக் கணித்தபோது 1 சதவீதமாக இருந்த சராசரி வெற்றி, 100 படிகளாகக் கணித்தபோது 44 சதவீதமானது.

இதற்கு ஒரு விலை உண்டு. லெரோபாட்டின் இயல்பமைப்பில் 100 படிகள் கணித்து 100-ஐயும் ஓட்டி முடித்த பிறகே அடுத்த படம் பார்க்கப்படுகிறது. விநாடிக்கு 30 படி எனில், கை 3.3 விநாடி கண்ணை மூடிக்கொண்டு நகர்கிறது. அந்த இடைவெளியில் கட்டை உருண்டால் அது தெரியாது. அலோஹாவின் வேகம் விநாடிக்கு 50 படி என்பதால் அங்கே அதே 100 என்பது 2 விநாடிதான். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேகத்தைக் கவனிக்காதவர்கள் பலர். கணிப்பது நூறாக இருந்தாலும், விநாடிக்கு ஒரு முறையாவது படம் பார்க்க வேண்டுமானால் அமைப்பு இப்படி இருக்கும்:

```
--policy.chunk_size=100
--policy.n_action_steps=30
```

இதை மிகவும் குறைத்தால் பழைய சிக்கல் திரும்புகிறது. ஆகவே 100, 50, 30 என்று ஓட்டிப்பார்த்து, பிடிக்கும் கட்டத்தில் எது நிலையாக இருக்கிறது என்று முடிவுசெய்வதே நல்லது. இன்னொரு வழி, ஒவ்வொரு படியிலும் 100-ஐக் கணித்து, அதே கணத்துக்கு முன்பு செய்த கணிப்புகளுடன் எடையிட்ட சராசரி எடுப்பது. அசைவு மென்மையாகும், ஆனால் கணினிக்கு வேலை கூடும். எதுவானாலும், ஒரு தொகுப்பின் முடிவில் கை அந்நியமான நிலையில் நின்றால், கேள்வி 4-இல் சொன்னதே மறுபடியும் தொடங்கும்.

9. என் கை கட்டைக்கு மேலே போய் அப்படியே நின்றுவிடுகிறது. தவறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதுவும் விலகலா?

இது விலகலின் உறவினம், காரணம் வேறு. பதிவுகளை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்: பிடிப்பதற்கு முன் நீங்கள் அரை விநாடியோ ஒரு விநாடியோ தயங்கியிருப்பீர்கள். அந்த ஒரு விநாடியில் 30 ஃபிரேம்கள், காட்சி ஒன்றே. அவற்றில் பெரும்பாலானவற்றில் கட்டளை அசையாதே என்பது, கடைசியில் மட்டும் இறங்கு என்பது. எவ்வளவு நேரம் நின்றாயிற்று என்பது பாலிசிக்குத் தெரியாததால், பெரும்பான்மையைப் பின்பற்றி அங்கேயே நிற்கிறது. நூறு படித் தொகுப்பு இங்கே உதவுகிறது, தயக்கத்தையும் இறக்கத்தையும் ஒரே தொகுப்பு தாண்டிவிடுவதால். ஆயினும் சிறந்த மருந்து பதிவிலேயே தயக்கத்தைத் தவிர்ப்பதுதான். பதிவு தொடங்கியும் கையை அசைக்காமல் இருந்த தொடக்க ஃபிரேம்களையும் வெட்டிவிட வேண்டும். தொடக்கத்திலேயே உறைந்து நிற்கும் பாலிசிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

10. அப்படியானால் முந்தைய சில படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியுமே?

தெரியும், ஆனால் அதைவிட எளிதான ஒரு குறுக்கு வழியையும் அது திறந்துவிடும். மனிதரின் அடுத்த அசைவு பெரும்பாலும் முந்தைய அசைவின் தொடர்ச்சியே. முந்தைய அசைவைப் படங்களிலிருந்து கணக்கிட முடியும் என்றால், கட்டையைப் பார்க்காமல் முன்பு செய்ததையே செய் என்று கற்றுக்கொண்டாலே லாஸ் மிகக் குறைவாக வந்துவிடும். 2019-இல் பிம் தே ஹான், தினேஷ் ஜெயராமன், செர்ஜி லெவின் மூவரும் இதை விளக்க ஒரு காரை எடுத்துக்காட்டினார்கள்: முன்பலகையில் பிரேக் விளக்கு தெரிந்தால், பாலிசி பாதசாரியைப் பார்த்து பிரேக் போடுவதற்குப் பதிலாக, அந்த விளக்கைப் பார்த்து பிரேக் போடக் கற்றுக்கொள்கிறது. தகவல் கூடியும் ஓட்டம் மோசமாகிறது. ரோபோமிமிக் ஆய்வில் வரலாற்றைப் பயன்படுத்திய பாலிசிகள் நன்றாகச் செய்ததும் உண்மை. ஆகவே வரலாறு கூடாது என்பதல்ல, 50 செய்துகாட்டல்களோடு தொடங்குபவர் முதலில் தயக்கங்களை வெட்டிப் பார்ப்பது மலிவான வழி.

11. நான் மிகச் சுத்தமாக, ஒரே மாதிரியாகச் செய்துகாட்டுகிறேன். அது நல்லதுதானே?

செய்யும் முறையில் ஒரே மாதிரி இருப்பது நல்லது. ஒரு கிண்ணத்தைச் சுற்றிச் சிலமுறை இடமாகவும் சிலமுறை வலமாகவும் போனால், இரண்டுக்கும் சராசரி எடுக்கும் பாலிசி நேராகக் கிண்ணத்தில் மோதும். 2023-இல் செங் சி முதலியோர் வெளியிட்ட டிஃப்யூஷன் பாலிசி, சராசரி எடுக்காமல் ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்கும்படி அமைந்தது. செய்துகாட்டுபவர்கள் பலராக இருந்தால் அது பொருத்தம். ஒருவரே செய்துகாட்டினால், ஒரே வழியை முடிவுசெய்து அதையே பின்பற்றுவது அதைவிட எளிது.

ஆனால் கை கடந்துபோகும் நிலைகளிலும் ஒரே மாதிரி இருந்தால் அது கெடுதல். தேர்ந்த கையாளர் ஒவ்வொரு முறையும் ஒரே மெல்லிய கோட்டில் வருவார். அவர் தரவில் பழகிய தடத்தின் அகலம் ஓரிரு மி.மீ.தான், அதைத் தாண்டியவுடன் அந்நியம். கட்டையின் இடத்தையும் திருப்பத்தையும் கையின் தொடக்க நிலையையும் மனமறிந்து மாற்றுங்கள். பிடிக்கும் விதத்தை மட்டும் மாற்றாதீர்கள். நான் பார்த்தவரை, 50 செய்துகாட்டல்களை வீணாக்கும் முதன்மைக் காரணம், கை ஒவ்வொரு முறையும் அச்சாக ஒரே தொடக்க நிலையிலிருந்து புறப்படுவதுதான்.

12. தவறிலிருந்து மீள்வதை எப்படிப் பதிவு செய்வது? வேண்டுமென்றே தவறு செய்துகாட்ட வேண்டுமா?

தவறு செய்வதைப் பதிவு செய்யக் கூடாது. தவறிய நிலையிலிருந்து மீள்வதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். இந்த வேறுபாடு மிக முக்கியம். பதிவுக்குள் நீங்கள் கட்டைக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டுப் பிறகு திருத்தினால், இரண்டும் பாடமாகிவிடும்; பாலிசி பக்கத்தில் இறங்கவும் கற்றுக்கொள்ளும்.

எந்தத் தவறிலிருந்து மீள்வது என்பதை நாம் கற்பனை செய்யத் தேவையில்லை, பாலிசியே காட்டும். 2011-இல் ராஸ், ஜெஃப்ரி கார்டன், பேக்னல் ஆகியோர் டேக்கர் என்ற பெயரில் முன்வைத்த முறையின் சாரம் அது: பாலிசியை ஓட்டு, அது போய்ச் சேரும் நிலைகளில் மனிதர் என்ன செய்வார் என்பதைக் கேள், அதைப் பழைய தரவோடு சேர், மறுபடி பயிற்றுவி. அவர்கள் காட்டியபடி, இதனால் கேடு `εT²` என்பதற்குப் பதில் `εT` அளவில் அடங்கக்கூடும். கேள்வி 6-இல் வந்த இரண்டு பாலிசிகளுக்கு இடையிலான வேறுபாடு இதுதான்.

மேசைமேல் இதைச் செய்யும் முறை: பாலிசியை ஓடவிட்டு, கேள்வி 7-இல் சொன்ன திருப்பம் வரும் விநாடியை அறிந்துகொள்ளுங்கள். அடுத்த ஓட்டத்தில் அந்த விநாடி தாண்டியதும் கையை நிறுத்துங்கள். இப்போது லீடரை ஃபாலோயர் நிற்கும் அதே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் கட்டுப்பாட்டை மாற்றினால் ஃபாலோயர் லீடரின் நிலைக்குத் துள்ளும், அந்தத் துள்ளலும் பதிவாகிவிடும், கட்டையோ கியரோ உடையவும் கூடும். இரண்டும் பொருந்திய பிறகு பதிவைத் தொடங்கி, சற்று மேலே எழுப்பி, கட்டையின் நடுவுக்கு வந்து, எப்போதும்போல் பிடித்து, கிண்ணத்தில் போடும்வரை செய்யுங்கள். வெறுங்கையோடு எழுந்துவிட்ட நிலையிலிருந்தும் சில பதிவுகள் வேண்டும். பத்துப் பதினைந்து திருத்தங்களைப் பழைய ஐம்பதோடு சேர்த்து முழுத் தரவிலும் புதிதாகப் பயிற்றுவித்து, மறுபடி ஓட்டிப் பார்த்தால் தோல்வி வேறிடத்துக்கு நகர்ந்திருக்கும். அங்கே அடுத்த சுற்று. கையில் இருக்கும் ஒரு மணி நேரத்தைச் செலவிட வேண்டுமானால், தொடக்கத்திலிருந்து இன்னும் நூறு சுத்தமான செய்துகாட்டல்களைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

13. படங்களை நகர்த்தி, சுழற்றி, நிறம் மாற்றிப் பெருக்கினால் அதே பயன் கிடைக்காதா?

நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றலாம். கட்டளை மாறாததால் அது பாதுகாப்பானது, மாலை வெளிச்சத்தில் தடுமாறுவதைக் குறைக்கும். படத்தைப் பெரிதும் நகர்த்துவதோ சுழற்றுவதோ வேறு. படத்தில் கட்டை இடப்பக்கம் போய்விட்டது, கட்டளை பழையதே என்றால், கட்டை எங்கிருந்தாலும் இங்கேயே இறங்கு என்று கற்பிக்கிறோம். ஆல்வினில் படத்தோடு ஸ்டியரிங் கோணமும் மாற்றப்பட்டது என்பதைக் கேள்வி 5-இல் பார்த்தோம்.

14. நேற்று 10-க்கு 6, திருத்தங்கள் சேர்த்த பிறகு இன்று 10-க்கு 8. முன்னேற்றம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பத்தில் எட்டு என்றால், உண்மையான வெற்றி வீதம் 44 சதவீதத்திலிருந்து 97 சதவீதம்வரை எங்கும் இருக்கலாம் என்பதே 95 சதவீத நம்பக எல்லை. அதற்குள் நேற்றைய ஆறும் அடங்கிவிடுகிறது. மேசையில் கட்டை வைக்கும் இருபது முப்பது இடங்களைக் குறித்துக்கொண்டு, பழைய பாலிசியையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், அதே இடங்களில் மாறிமாறி ஓட்டினால் ஒப்பீடு நேர்மையாகும். வெற்றி தோல்வியோடு, எந்தக் கட்டத்தில் தவறியது என்பதையும் எழுதுங்கள்: அணுகும்போதா, பிடிக்கும்போதா, தூக்கும்போதா, போடும்போதா. எண்ணிக்கை மாறாமல் தோல்விகள் பிடிப்பதிலிருந்து போடுவதற்கு நகர்ந்திருந்தால், திருத்தங்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே தெளிவான அடையாளம்.

15. மூன்று சுற்றுத் திருத்தம் சேர்த்தாகிவிட்டது. தோல்வி அதே இடத்திலேயே நிற்கிறது. இனி என்ன?

திருத்தங்கள் தோல்வியை நகர்த்தவில்லை என்றால், பாலிசிக்குக் குறைவது பாடமாக இருக்காது, பார்வையாக இருக்கும். செய்துகாட்டும்போது நீங்கள் உங்கள் கண்ணால் மேசையைப் பார்த்தீர்கள். பாலிசிக்கோ இரண்டு கேமராக்கள்தான். கிரிப்பர் இறங்கும்போது அதன் உடலே மேற்கேமராவிலிருந்து கட்டையை மறைத்து, மணிக்கட்டுக் கேமராவிலும் கட்டையின் விளிம்பு தெரியவில்லை என்றால், இரண்டு வேறு நிலைகள் அதற்கு ஒரே படமாகத் தோன்றும். அந்த ஒரே படத்துக்கு உங்கள் திருத்தங்களில் சில இடமாகப் போ என்கின்றன, சில வலமாகப் போ என்கின்றன. எத்தனை சேர்த்தாலும் அது தீராது. அலோஹா ஆய்விலேயே, கறுப்பு வெல்க்ரோ பட்டையைக் கோக்கும் வேலை 100 செய்துகாட்டல்களுக்குப் பிறகும் 20 சதவீதத்திலேயே நின்றது. பட்டை படத்தில் மிகச் சிறிதாகவும் பின்னணியிலிருந்து பிரித்தறியக் கடினமாகவும் இருந்ததை ஆசிரியர்களே காரணமாகச் சுட்டினார்கள்.

சோதிக்கும் வழி எளிது. மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாலிசிக்குச் செல்லும் அதே அளவுக்குச் சுருக்கிய இரண்டு கேமராப் படங்களை மட்டும் திரையில் பார்த்து, லீடரை அசைத்துக் கட்டையை எடுக்க முயலுங்கள். உங்களால் முடியாத இடத்தில் பாலிசியாலும் முடியாது. அப்போது மணிக்கட்டுக் கேமராவைச் சாய்த்து, இரண்டு விரல்நுனிகளும் அவற்றுக்கு இடையிலுள்ள மேசைப்பரப்பும் தெரியும்படி பொருத்த வேண்டும். அல்லது மேற்கேமராவைப் பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டும். கேமரா நகர்ந்துவிட்டால் பழைய பதிவுகள் பயன்படாது, 50-ஐயும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆகையால் இந்தச் சோதனையை முதல் செய்துகாட்டலைப் பதிவு செய்வதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.